மடிப்புக் கலையாத சட்டைகள்

சில வருஷங்களுக்கு முன்பு பத்ரிநாத் யாத்திரையை முடித்துக்கொண்டு வீடு திரும்பிய மறுநாள் காலையில், பெட்டியைத் திறந்து அழுக்குத் துணிகளை ஒரு பக்கமாகக் குவித்துக்கொண்டிருந்த என் மனைவி, அடியிலிருந்து நான்கு சட்டைகளை எடுத்து, "இதுகளைத் தோய்க்கவே வேண்டாங்க, அப்படியே பீரோவில் வைத்துவிடலாம்" என்றாள். சலவைக்காரர் இஸ்திரி போட்டுக் கொடுத்த அதே மடிப்பில், காலர்ப் பொத்தான்கூடக் கழற்றப்படாமல், அவை மூவாயிரம் மீட்டர் உயரத்துக்கு ஏறி, இறங்கி, வந்திருந்தன. அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் அந்த வார்த்தையைக் கேட்ட மாத்திரத்தில், பத்ரிநாத்தில் பேருந்து நின்ற இடத்திலிருந்து ஆற்றைக் கடந்து விடுதிவரை அந்தப் பெட்டியைச் சுமந்து வந்த நேபாளத்துக் கூலிக்காரரின் கழுத்து என் கண்முன் வந்து நின்றது. என் வயதுதான் இருக்கும் அவருக்கும். நெற்றியில் ஒரு நார்ப்பட்டையை மாட்டி, அதன் இரு முனைகளையும் முதுகிலிருந்த பெட்டிக்கு அடியில் கொடுத்து, பாரம் முழுவதையும் தலையாலும் கழுத்தாலும் தாங்கியபடி அவர் முன்னே குனிந்து நடந்தார். காற்றே கனமில்லாத அந்த உயரத்தில் வெறுங்கையோடு நடக்கிற எனக்கே இருபது அடிக்கு ஒருமுறை மூச்சு வாங்கியது. கேட்ட கூலியைக் கொடுத்தேன், அதற்குமேலும் கொடுத்தேன் என்பதெல்லாம் வாஸ்தவம். ஆயினும் அவர் கழுத்தில் புடைத்திருந்த நரம்புக்கும் என் பெட்டியின் அடியில் கிடந்த அந்த நான்கு சட்டைகளுக்கும் உள்ள சம்பந்தம், அன்று முதல் என் மனத்திலிருந்து நீங்கவில்லை.

அந்தச் சட்டைகளை நான் ஏன் எடுத்துப்போனேன் என்று பிற்பாடு பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். பத்து நாள் பிரயாணம் என்றால் பத்துச் சட்டை என்று மனம் தானாகவே ஒரு கணக்குப் போட்டுவிடுகிறது. அது போதாதென்று, மழையில் நனைந்துவிட்டால், காப்பி கொட்டிவிட்டால், யாராவது பெரிய மனிதரைப் பார்க்கப் போகும்படி நேர்ந்துவிட்டால் என்று ஒவ்வொரு 'ஒருவேளை'க்கும் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே போகிறது. வீட்டில் விளக்கொளியில், மெத்தைமேல் துணிகளைப் பரப்பி வைத்துக்கொண்டு மடிக்கிறபோது எதற்குமே கனமில்லை. பெட்டி மூடுகிறதா இல்லையா என்பது ஒன்றுதான் கேள்வி. கனம் என்பது அதைத் தூக்குகிறவனுக்குத்தான் தெரியும், தூக்குகிறவனோ அந்த அறையில் இல்லை. ஆகவே, இந்த வருஷம் ஐப்பசி பிறக்கும் முன்பு மறுபடியும் பத்ரிக்குப் போவதென்று தீர்மானமானபோது, விமானத்தில் கையோடு எடுத்துச் செல்லும் ஒரே பையோடு, என் சுமையை நானே சுமந்து போய்வருவதென்று சங்கல்பம் செய்துகொண்டேன்.

உள்நாட்டு விமானங்களில் கைப்பைக்குப் பொதுவாக அனுமதிக்கிற எடை 7 கிலோ. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 115 சென்டிமீட்டருக்குள் இருக்கவேண்டும். பழக்கதோஷத்தால் சக்கரம் வைத்த சிறு பெட்டியொன்றை எடுத்து, எனக்கு அவசியமென்று தோன்றியதையெல்லாம் அடுக்கி, கொக்கியில் மாட்டித் தூக்கிப் பார்க்கிற தராசில் தொங்கவிட்டேன். 9 கிலோ 200 கிராம் காட்டியது. பிறகு எல்லாவற்றையும் வெளியே கொட்டிவிட்டு, காலிப் பெட்டியை மட்டும் நிறுத்தேன்: 2 கிலோ 800. அனுமதித்த எடையில் பெட்டி மாத்திரமே ஐந்தில் இரண்டு பங்கைத் தின்றுவிடுகிறது என்பதை அதுவரை நான் அறிந்ததே இல்லை. மலைப்பாதையிலும் கல்படியிலும் அந்தச் சக்கரங்களால் பிரயோஜனமும் கிடையாது. பரணில் கிடந்த, தோளில் மாட்டுகிற துணிப்பையோ 900 கிராம்தான் இருந்தது. ஒரு துணியைக்கூட விட்டுக்கொடுக்காமல் இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக அந்த ஒரு மாற்றத்திலேயே இறங்கிவிட்டது. எதையாவது குறைக்க விரும்புகிறவர்கள் முதலில் பையையே நிறுத்துப் பார்ப்பது நலம் என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் உண்மையான சங்கடம் பெட்டியில் இல்லை, சீதோஷ்ணத்தில் இருந்தது. சென்னையிலிருந்து புறப்படும்போது வியர்வை. ரிஷிகேசத்தில் பகலில் நம் ஊர் மார்கழியைப்போல ஒரு வெயில். பத்ரியில் இரவில் தண்ணீர் உறைந்துவிடுமோ என்கிற குளிர். மலையில் ஆயிரம் மீட்டர் ஏறினால் உஷ்ணம் ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுவான கணக்கு. ரிஷிகேசம் சுமார் 350 மீட்டர் உயரத்திலும், பத்ரிநாத் சுமார் 3,100 மீட்டர் உயரத்திலும் இருப்பதால், கீழே முப்பது டிகிரி இருக்கிற அதே பகலில் மேலே பன்னிரண்டுதான் இருக்கும். சூரியன் மலைக்குப் பின்னால் மறைந்த பிறகோ கேட்கவேண்டியதில்லை. மூன்று விதமான பருவம் என்றால் மூன்று விதமான உடுப்பு என்றுதான் நான் முதல் தடவை முடிவு கட்டியிருந்தேன்: வெயிலுக்குப் பருத்தி, நடுவாந்தர இடத்துக்கு ஒன்று, குளிருக்கென்று பஞ்சு அடைத்த தடித்த கோட்டு. அந்தக் கோட்டு மாத்திரமே 1 கிலோ 300 கிராம். அதைப் போட்டுக்கொண்டால் நடக்கும்போது வேர்க்கும், கழற்றினால் வெடவெடக்கும். அதில் இடைநிலை என்பதே இல்லை. பத்து நாளில் அது எனக்கு இரண்டு சாயங்காலம் உபயோகப்பட்டது, மற்ற எட்டு நாளும் பெட்டியில் பாதியை அடைத்துக்கொண்டு கிடந்தது.

குளிரைத் தடுப்பது துணியல்ல, துணிக்குள்ளும் துணிகளுக்கு இடையிலும் அசையாமல் நிற்கிற காற்று என்பதை ஒப்புக்கொண்டுவிட்டால், இந்தக் கோட்டுக்கு அவசியமே இல்லாமல் போகிறது. கெட்டியான ஒரு ஜமக்காளத்தைவிட மெல்லிய போர்வை இரண்டைச் சேர்த்துப் போர்த்தினால் கதகதப்பு அதிகம் என்பது நம் பாட்டிமார்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம்தான். அதே நியாயத்தில், உடம்பை ஒட்டி மெல்லிய கம்பளி உள்ளாடை ஒன்று, கடையில் தெர்மல் என்று சொல்லிக் கேட்டால் கொடுப்பார்கள், அதன்மேல் சட்டை, அதன்மேல் முழுக்கை ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேலே காற்றையும் தூறலையும் மட்டும் தடுக்கிற, கையளவு மடிந்துவிடுகிற விண்ட்சீட்டர் ஒன்று. ஸ்வெட்டர் 450 கிராம், விண்ட்சீட்டர் 300. இரண்டும் சேர்ந்தே கோட்டைவிட அரைக் கிலோவுக்கு மேல் குறைவு. ரிஷிகேசத்தில் சட்டை மட்டும், ஜோஷிமட்டில் மாலையில் ஸ்வெட்டரும், பத்ரியில் விடியற்காலையில் நான்கும் என்று, ஒரே உடுப்பு மூன்று ஊருக்கும் மாறி மாறிப் பொருந்துகிறது. ஸ்வெட்டரின் கண்களுக்குள் நிற்கிற காற்றை மலைக்காற்று அடித்துக்கொண்டு போய்விடாமல் அந்த மெல்லிய மேலுடை காவல் நிற்பதால், தனித்தனியே அற்பமாகத் தோன்றுகிற இரண்டும் சேர்ந்தால் தடித்த கோட்டுக்கு ஈடாகின்றன.

ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. இவை எல்லாவற்றையும் புறப்படும் முன்பு வீட்டிலேயே ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்து பார்த்துவிடவேண்டும். புழுக்கத்தில் மின்விசிறியை நிறுத்தாமல் நான் அப்படிச் செய்து பார்த்தபோது, அளவு சரியாக இருக்கிறதென்று நினைத்திருந்த விண்ட்சீட்டர் ஸ்வெட்டருக்கு மேலே அக்குளில் பிடித்துக்கொண்டு, கையைத் தலைக்குமேல் உயர்த்த முடியாமல் இறுக்கியது. இறுக்கினால் ஸ்வெட்டர் நசுங்குகிறது; நசுங்கினால் அதற்குள் இருக்கிற காற்று வெளியேறிவிடுகிறது; பிறகு எத்தனை போட்டாலும் குளிரும். அடுத்த பெரிய அளவைக் கடையில் மாற்றி வாங்கிக்கொண்டு வந்தேன். தனியாகப் போட்டுப் பார்த்தால் அது தொளதொளவென்றுதான் இருக்கும், பாதகமில்லை.

உடம்பை ஒட்டிய துணி பருத்தியாக இருக்கக்கூடாது என்பதை ஏற்றுக்கொள்ளத்தான் எனக்கு மனம் வரவில்லை. பிறந்தது முதல் பருத்தி பனியனுக்குப் பழகிய தேகம் இது. நம் ஊர் வெயிலில் வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு குளிர்ச்சி தருவது எதுவோ, அதையே குணம் என்று கொண்டாடுகிறோம். அதே குணம் மலையில் சத்துருவாகிறது. படி ஏறும்போது முதுகில் வேர்க்கிறது, பனியன் அந்த ஈரத்தைத் தனக்குள் வைத்துக்கொள்கிறது. மேலே போய் நின்று இரண்டு நிமிஷம் ஆனதும், காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாக உடம்பின் உஷ்ணத்தைக் கடத்துகிற தண்ணீர் அங்கே ஒட்டிக்கொண்டிருப்பதால், தோள்பட்டைகளுக்கு நடுவில் யாரோ குளிர்ந்த உள்ளங்கையை வைத்தாற்போல் ஒரு சில்லிப்பு பரவுகிறது. முதல் யாத்திரையில் அந்தச் சில்லிப்பை மலைக்குளிர் என்றே நினைத்து, கோட்டைப் போட்டு மூடிக்கொண்டேன். ஈரம் உள்ளேயே தங்கி இரவெல்லாம் நடுங்கினேன். கம்பளியோ தன் எடையில் கால் பங்குக்கு மேல் ஈரத்தை இழைக்குள் வாங்கிக்கொண்டும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. மூன்று நாள் தொடர்ந்து அணிந்தாலும் அவ்வளவாக நாறாது. ஆகவே பனியன்கள் கீழூர்களுக்கு, மேலே போனதும் கம்பளி என்று பிரித்துக்கொண்டேன். நடக்கத் தொடங்கும்போது சற்றே குளிரவேண்டும், முதல் அடியிலேயே கதகதப்பாக இருந்தால் ஒன்றைக் கழற்றிவிடவேண்டும் என்று அந்தப் பக்கத்து ஓட்டுநர் ஒருவர் சொன்னது முழுக்க உண்மை.

இனி எண்ணிக்கை. பத்து நாளைக்கு எத்தனை உடுப்பு என்கிற கேள்வியே தவறு என்று எனக்குப் புரிய நெடுநாள் ஆயிற்று. துவைத்தால் காய்கிற இடங்கள் எவை, காயாத இடங்கள் எவை என்று வழியைப் பிரித்துக்கொண்டு, காயாத நாட்கள் தொடர்ச்சியாக எத்தனை என்று பார்த்தால், அதுதான் எண்ணிக்கை. பத்து நாளானாலும் முப்பது நாளானாலும் அது மாறுவதில்லை. எங்கள் வழியில் முதல் இரண்டு இரவு ரிஷிகேசம், மூன்றாம் இரவு ருத்ரபிரயாகை. இவை தாழ்ந்த ஊர்கள், மழை ஓய்ந்த காலம், மாலையில் அலசிப் பிழிந்து மின்விசிறிக்குக் கீழே விரித்தால் காலையில் காய்ந்திருக்கும். நான்காம் நாள் ஜோஷிமட், ஐந்தும் ஆறும் பத்ரி, ஏழாம் நாள் இறக்கத்தில் மறுபடி ஜோஷிமட். இங்கெல்லாம் குளிர்ந்த காற்றில் ஈரம் சீக்கிரம் ஏறாது, வெயில் விழுகிற பகல் நேரத்தில் நாம் அறையில் இருப்பதும் இல்லை. எட்டாம் நாள் இரவு ரிஷிகேசம் திரும்பினால் மீண்டும் துவைக்கலாம். ஆக, மூன்றாம் இரவு துவைத்ததை வைத்துக்கொண்டு எட்டாம் நாள்வரை ஐந்து நாளைக் கடத்தவேண்டும். உள்ளாடை நான்கு, கம்பளி உள்ளாடை மேலுக்கும் காலுக்கும் ஒவ்வொன்று, சட்டை மூன்று, கால்சட்டை இரண்டு, இரவுக்கும் தரிசனத்துக்கும் நாலு முழ வேஷ்டி ஒன்று, காலுறை மூன்று ஜோடி. இவற்றில் ஒவ்வொன்று உடம்பில் இருப்பதால் பையில் அவ்வளவும் இல்லை. ஐந்து நாளுக்கு மூன்று சட்டை போதுமா என்று மனைவி சந்தேகப்பட்டாள். மேலே சட்டைக்கு உள்ளே கம்பளி இருப்பதால் அது உடம்பைத் தொடுவதே இல்லை. குளிரில் இரண்டு நாள் போட்டாலும் காலரைத் தவிர எங்கும் அழுக்காவதில்லை.

துண்டைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். பத்ரியில் கோயிலுக்குக் கீழே தப்த குண்டம் என்கிற வெந்நீர் ஊற்று இருக்கிறது. ஆவி பறக்கிற அந்தத் தண்ணீரில் முழுகிவிட்டுத்தான் தரிசனத்துக்கு ஏறுவது வழக்கம். சுற்றிலும் பனிக்காற்று வீச, தேகம் மாத்திரம் சிவந்து கொதிக்கிற அந்த நிமிஷத்தின் ஆனந்தத்தை நான் விவரிக்கப் போவதில்லை. கரையேறிய பிறகு கையில் மிஞ்சுகிற நனைந்த துணிதான் என் விசாரம். முதல் முறை தடித்த டர்க்கி டவல் ஒன்றை, 550 கிராம், கொண்டுபோயிருந்தேன். தண்ணீர் குடித்து அது ஒரு குழந்தையின் கனத்துக்கு வந்துவிட்டது. விடுதி அறையில் நாற்காலிமேல் போட்டது மறுநாளும் சொதசொதவென்று இருந்தது. பாலித்தீன் பையில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்ததில், மூன்றாம் நாள் பெட்டியைத் திறந்தபோது எல்லாத் துணியிலும் பூஞ்சைக் காளான் வாசனை. இம்முறை குற்றாலத் துண்டு என்று நாம் சொல்கிறோமே, அந்த மெல்லிய ஈரிழைத் துண்டு இரண்டு எடுத்துக்கொண்டேன்; இரண்டும் சேர்ந்து 240 கிராம். ஒன்றைக் கட்டிக்கொண்டு முழுகி, மற்றதால் துவட்டி, பிறகு நனைந்ததை மற்றதன்மேல் விரித்து, இரண்டையும் பாய்போல் சுருட்டி, ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு முறுக்கிப் பிழிந்தால், ஒன்றில் இருந்த ஈரத்தில் பெரும்பகுதி மற்றதற்குப் பகிர்ந்துகொள்ளப்படுகிறது. இரண்டும் கயிற்றில் சாயங்காலத்துக்குள் உலர்ந்துவிடுகின்றன. அறையில் துவைக்கிற பனியனுக்கும் இதே உபாயம்தான். எந்த நாட்டுக் கடையிலும் இதைவிடச் சிறந்த பிரயாணத் துண்டு கிடைக்குமென்று நான் நம்பவில்லை.

மருந்து, சோப்பு, சார்ஜர், மூக்குக்கண்ணாடி, ஒரு புத்தகம், ரப்பர்ச் செருப்பு எல்லாம் சேர்த்து மறுபடி நிறுத்தபோது முள் ஐந்தரைக்குச் சற்று முன்னால் நின்றது. நடக்கிற ஷூவைக் காலிலேயே போட்டுக்கொண்டேன். இரண்டாவது ஜோடியை விட்டுவிட்டேன். ஸ்வெட்டரையும் கையில் போட்டுக்கொண்டால் இன்னும் அரைக் கிலோ குறையும் என்று உறவினர் ஒருவர் யோசனை சொன்னார். விமான நிலையத்தில் மூன்று சட்டையை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு நிற்கிற வாலிபர்களை நான் பார்த்திருக்கிறேன். அதில் குற்றமொன்றும் இல்லை. ஆனால் தராசுக்குத் தெரியாமல் உடம்பில் ஏற்றிக்கொண்ட எடையும் எடைதானே, அதையும் மலையில் தூக்கத்தானே வேண்டும் என்று தோன்றியதால், அதைப் பைக்குள்ளேயே வைத்தேன். சிறு விஷயம் ஒன்று: தேங்காயெண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், குறுகிய வாய்ச் சீசாவில் வைத்தால் பத்ரியில் ஒரு சொட்டும் வராது, உதடு வெடிப்புக்கு அது மிகவும் வேண்டியிருக்கும் என்பதால், விரலால் வழித்தெடுக்கும்படி வாய் அகன்ற சிறு டப்பாவில் அடைத்துக்கொண்டேன்.

இந்தக் கணக்குக்கு எல்லைகள் உண்டு. விடாத மழை மூன்று நாள் பிடித்துக்கொண்டால் ரிஷிகேசத்திலும் எதுவும் காயாது. கார்த்திகையை நெருங்கிப் பனி கொட்டத் தொடங்கிவிட்டால் நான் சொன்ன நான்கு அடுக்கு போதாது. கைக்குழந்தையோடு போகிறவர்களிடம் இதைச் சொல்லவே கூடாது. மற்றபடி, நாம் பயந்து சுமக்கிற பொருள்களில் பெரும்பாலானவை அங்கேயே இருக்கின்றன. விடுதிகளில் பஞ்சு ரஜாய் கொடுக்கிறார்கள். குரங்குக் குல்லாயும் கையுறையும் ஜோஷிமட் கடைத்தெருவில் தொங்குகின்றன; பத்ரிக்கு மூன்று கிலோமீட்டர் மேலே இருக்கிற மாணா கிராமத்தில் பெண்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து கம்பளி பின்னி விற்கிறார்கள். அவர்களில் ஒரு மூதாட்டியிடம் காலுறை ஒரு ஜோடி வாங்கினேன். பத்து நாளும் முடிந்து சென்னையில் இறங்கியபோது மழை பிடித்துக்கொண்டிருந்தது. பையில் பிரிக்காமல் திரும்பி வந்தது மருந்துப் பொட்டலம் ஒன்றுதான்.

ஆனால் ஐந்தாம் நாள் பிற்பகலில் நடந்ததைச் சொல்லாமல் இதை முடிக்க முடியவில்லை. பத்ரியில் பேருந்து நின்றதும், நெற்றிப்பட்டையைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு கூலிக்காரர்கள் நான்கைந்து பேர் படியருகே வந்தார்கள். அன்று என் பெட்டியைத் தூக்கியவர் அவர்களில் இருந்தாரா என்று முகம் முகமாகப் பார்த்தேன், இல்லை. முன்னால் நின்றவர், தோளில் மாட்டியிருந்த என் பையைப் பார்த்தார், பிறகு பேருந்தின் கூரையைப் பார்த்தார், எனக்கு வேறு சாமான் ஏதாவது இறங்குமோ என்று. இல்லையென்று தலையசைத்தேன். அந்த மலையில் வருஷத்தில் ஏறத்தாழ ஆறு மாதம்தான் கோயில் திறந்திருக்கும். நடை சாத்த அப்போது சில வாரங்களே பாக்கி. என் பாரத்தை அவர் கழுத்திலிருந்து இறக்கவேண்டுமென்று இத்தனை நாள் கிராம் கிராமாகக் கணக்குப் போட்டவன், அவருடைய அன்றைய கூலியையும் சேர்த்தே இறக்கிவிட்டதை அந்தப் பார்வைக்குப் பிறகுதான் உணர்ந்தேன். எனக்குப் பின்னால் இறங்கிய குடும்பத்தாரிடம் இரண்டு பெரிய பெட்டிகள் இருந்தன. அவர் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டி, பட்டையை நெற்றியில் மாட்டிக்கொண்டு பாலத்தை நோக்கி நடந்தார். நான் என் பையோடு அவருக்குப் பின்னால் நடந்தேன்.